நன்னடத்தைச் சான்றிதழில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பை முடித்துப் போனவர்களுக்கும் வேலையை விட்டுப் போனவர்களுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் தயாரித்துக் கொடுப்பது என் அலுவலக வேலையில் ஒரு பகுதி. கேட்டு வருபவர்களும் சரி, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிகளும் சரி, திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சிக்கல் பெரும்பாலும் நடத்தையைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தில்தான் வருகிறது. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மதிப்பெண் பட்டியல் இருக்கு, பட்டமும் இருக்கு. இது எதுக்குத் தனியா?

மதிப்பெண் பட்டியல் நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று சொல்லும். நீங்கள் அந்த இடத்தில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பது அதில் இருக்காது. புதிதாகச் சேர்த்துக்கொள்ளப் போகும் இடம் கேட்பது அதைத்தான். இங்கே இருந்தவரைக்கும் இவரால் ஏதாவது பிரச்சினை வந்ததா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

பரிந்துரைக் கடிதம் வேறு. அது ஒரு பேராசிரியரோ மேலாளரோ தன் சொந்தக் கருத்தைச் சொல்வது. நன்னடத்தைச் சான்றிதழ் நிறுவனம் தன் பதிவேட்டை வைத்துச் சொல்வது. இந்த வேறுபாடு மனதில் இருந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

அதுல கண்டிப்பா என்னென்ன இருக்கணும்?

யார், எந்தக் காலம், எந்த நிலையில் இருந்தார், நடத்தை எப்படி, இதைச் சொல்வது யார், என்றைக்குச் சொல்கிறார். இவ்வளவுதான். பெயரோடு சேர்க்கை எண் அல்லது பணியாளர் எண்ணையும் போட்டுவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம்.

இதில் காலம்தான் பலரும் விட்டுவிடுவது. "இவர் நன்னடத்தை உடையவர்" என்று மட்டும் எழுதினால், நேற்று வரைக்கும் இன்றைக்கும் சேர்த்து நிறுவனம் உத்தரவாதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். "2016 ஜூன் முதல் 2019 ஏப்ரல் வரை இந்நிறுவனத்தில் பயின்றார். அக்காலத்தில் அவரது நடத்தை நன்றாக இருந்தது" என்று எழுதினால் எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்பது தெளிவாகிவிடுகிறது. சான்றிதழில் நான் முதலில் தேடிப் பார்ப்பது "அக்காலத்தில்" என்ற அந்தச் சொல்லைத்தான்.

"நல்ல குணம் உடையவர்"னு போடலாமா, "நடத்தை நன்று"ன்னு போடலாமா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. நடத்தை வெளியே தெரிவது. வகுப்புக்கு வந்தாரா, விதிகளை மீறினாரா, புகார் வந்ததா என்பதற்கெல்லாம் பதிவேடு இருக்கிறது. குணம் உள்ளே இருப்பது. மூன்று வருடம் வருகைப் பதிவேட்டில் பார்த்த ஒருவரின் குணத்துக்கு ஒரு நிறுவனம் சான்று சொல்ல முடியாது. அவரோடு நெருங்கிப் பழகிய ஒரு மனிதர் வேண்டுமானால் சொல்லலாம்.

ஆனால் வாங்குகிற இடம் தரும் படிவத்தில் "நல்லொழுக்கமும் நற்குணமும் உடையவர்" என்றுதான் அச்சிட்டிருக்கும், அதை அப்படியே தரச் சொல்வார்கள். அப்போது அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே அடிப்படையைச் சொல்லிவிடலாம்: "எங்கள் பதிவேடுகளின்படி, இங்கு பயின்ற காலத்தில் அவர் நல்லொழுக்கம் உடையவராக இருந்தார்." கேட்டவர்களுக்கு அவர்கள் தேடும் சொல் கிடைத்துவிடுகிறது. கையெழுத்துப் போடுபவரும் தனக்குத் தெரிந்ததற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

"என் அறிவுக்கு எட்டிய வரையில்"னு போடுறாங்களே, அது தப்பிச்சுக்கிற வழிதானே? அதை எடுத்துடச் சொல்லலாமா?

எடுக்கச் சொல்லாதீர்கள். அந்தச் சொற்றொடர் இருப்பதால் சான்றிதழின் மதிப்பு குறைவதில்லை. படிப்பவர்கள் அதை எல்லாச் சான்றிதழிலும் பார்த்துப் பழகியவர்கள். வெளியில் நடந்தது எதுவும் நிறுவனத்துக்குத் தெரியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அது எதையும் மறைத்துவிடாது. கோப்பில் ஒரு தண்டனை உத்தரவு இருக்கும்போது "எனக்குத் தெரிந்தவரை ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு, பிறகு நான் கோப்பைப் பார்க்கவில்லை என்று சொன்னால் எடுபடாது. நிறுவனத்தின் பெயரில் கையெழுத்துப் போடுபவருக்கு நிறுவனத்தின் கோப்பில் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். அதனால் எங்கள் அலுவலகத்தில் மாணவர் கோப்பும் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடும் மேசைக்கு வந்த பிறகுதான் சான்றிதழ் தட்டச்சுக்குப் போகும்.

எனக்கு "திருப்திகரம்"னு போட்டிருக்காங்க. நண்பனுக்கு "மிக நன்று". இதுல என்ன வந்துடப் போகுது?

வருகிறது. அகராதியில் திருப்திகரம் நல்ல சொல்தான். சான்றிதழில் அது கீழ்ப்படி. பெரும்பாலானோருக்கு "நன்று" என்று எழுதும் ஓர் இடத்திலிருந்து ஒருவருக்கு மட்டும் "திருப்திகரம்" என்று வந்தால், ஏதோ இருக்கிறது, சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். வேண்டுமென்றே எழுதப்பட்டதா, அன்றைக்குத் தட்டச்சு செய்தவரின் பழக்கமா என்பது அவருக்குத் தெரியாது.

இப்படிச் சொற்கள் படிகளாக மாறிப்போவதற்கு ஜெர்மனி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே வேலையை விட்டுப் போகிறவருக்கு எழுத்துவடிவச் சான்று கொடுப்பது சட்டப்படி கட்டாயம். அந்தச் சான்றுகளில் "எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி அளித்தார்" என்றால் மிகச் சிறப்பு. "முழுத் திருப்தி அளித்தார்" என்றால் நடுத்தரம். வெறும் "திருப்தி அளித்தார்" என்றால் தேறினார் என்ற அளவுதான். கேட்க மூன்றுமே பாராட்டு. தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு, வெளிப்படையாகத் தெரிவதற்கு மாறான ஒன்றை உணர்த்தும் சொற்களைச் சான்றில் வைக்கக் கூடாது என்றே சொல்கிறது. அப்படியும் இந்தப் படிகள் நிலைத்துவிட்டன.

ஆகவே ஒரு நிறுவனம் செய்யக்கூடிய நேர்மையான காரியம், தான் என்னென்ன சொற்களைப் பயன்படுத்துகிறது, ஒவ்வொன்றும் எப்போது என்பதை உள்ளே எழுதி வைப்பது. எந்த நடவடிக்கையும் இல்லாதவருக்கு "நன்று" என்றால் எல்லோருக்கும் அதுதான். உங்களுக்கு மட்டும் வேறு சொல் வந்திருந்தால் காரணம் கேளுங்கள். கோப்பில் காரணம் இல்லையென்றால் திருத்தித் தரச் சொல்வதில் தவறே இல்லை.

அவர் படிச்சு முடிச்சு பதினைஞ்சு வருஷம் ஆச்சு. எனக்கு அவரைத் தெரியவே தெரியாது. நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?

போடலாம், ஆனால் உங்களுக்குத் தெரியும் என்று எழுதாமல் போட வேண்டும். பழைய மாதிரிகளில் "இவரை எனக்கு நேரில் தெரியும்" என்று ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டு "இந்நிறுவனத்தின் பதிவேடுகளைச் சரிபார்த்ததில்" என்று தொடங்குங்கள். நீங்கள் கையெழுத்துப் போடுவது பதவியின் பெயரில், தனிமனிதராக அல்ல.

பழைய பதிவேடு கிடைக்கவில்லை என்றால் நடத்தையைப் பற்றி எதுவுமே எழுத முடியாது. சேர்ந்ததும் முடித்ததும் தெரிந்தால் அதை மட்டும் எழுதி, "அக்கால ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடுகள் தற்போது இல்லை" என்று சேர்த்துவிடலாம். வாங்குபவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் நன்று என்று எழுதிவிட்டு, எதை வைத்துச் சொன்னீர்கள் என யாராவது கேட்டால் பதில் இருக்காது.

ரெண்டாவது வருஷம் ஹாஸ்டல் சண்டையில சஸ்பெண்ட் ஆனேன். அப்புறம் ஒரு பிரச்சினையும் இல்ல. எனக்கு என்ன எழுதுவாங்க?

இதுதான் எனக்கு வரும் கேள்விகளிலேயே கடினமானது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்ப்போம். ஒரு மாணவர் 2018 ஜூலை முதல் 2021 மே வரை படித்தார். 2019 நவம்பரில் விடுதியில் கைகலப்பு, பத்து நாள் இடைநீக்கம். திரும்பி வந்தார், படிப்பை முடித்தார், வேறு புகார் இல்லை. இப்போது மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்.

"பயின்ற காலம் முழுவதும் இவர் மீது எந்த ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை" என்று இரக்கப்பட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இது பொய். விண்ணப்பத்தில் அவரே நேர்மையாக "ஆம், ஒருமுறை இடைநீக்கம்" என்று எழுதியிருந்தால் நம்முடைய சான்றிதழ் அவரையே பொய்யராகக் காட்டும். "நடத்தை திருப்திகரம்" என்று மழுப்பினால் முன்பு சொன்ன சந்தேகம்தான் மிஞ்சும், ஒரு பத்து நாள் விஷயத்தைப் படிப்பவர் மனதில் பெரிதாக்கிக்கொள்வார். "இறுதி ஆண்டில் நடத்தை நன்று" என்பது உண்மைதான், ஆனால் மற்ற இரண்டு ஆண்டுகள் எங்கே என்ற கேள்வியை அதுவே கிளப்பும். நேர்மாறாக, சண்டை எப்படி நடந்தது, யார் யாரை அடித்தார் என்று ஒரு பத்தி எழுதுவதும் தேவையில்லாதது. அதில் மற்ற மாணவர்களின் விஷயமும் வந்துவிடும்.

நான் முதலில் பார்ப்பது தண்டனை உத்தரவை. சில உத்தரவுகளில் "படிப்பு முடியும் வரை மறுபடி விதிமீறல் இல்லையெனில் இப்பதிவு நீக்கப்படும்" என்று இருக்கும். அப்படி இருந்து, நீக்கமும் நடந்திருந்தால் "இப்போது உள்ள பதிவேடுகளின்படி நடத்தை நன்று" என்று எழுதலாம். நிறுவனமே எடுத்த முடிவுக்கு அதுதான் மரியாதை. அப்படி எதுவும் இல்லையென்றால், வாங்குகிற இடம் என்ன கேட்டிருக்கிறது என்று பார்ப்பேன். ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று நேராகக் கேட்டிருந்தால் இப்படி எழுதலாம்:

"2019 நவம்பரில் விடுதி விதிமீறல் ஒன்றுக்காக இவர் பத்து நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார். அதன்பின் 2021 மே மாதம் படிப்பை முடிக்கும் வரை இவரது நடத்தை நன்றாக இருந்தது. இவர் மீது எந்த நடவடிக்கையும் நிலுவையில் இல்லை."

மூன்று வாக்கியம். நடந்தது, அதன்பின் எப்படி, இன்றைய நிலை. இதில் நடு வாக்கியம்தான் அந்த மாணவருக்குச் சேர வேண்டியது. மழுப்பலான சான்றிதழில் அவருக்குக் கிடைக்காமல் போவதும் அதுதான். அவர்கள் நடவடிக்கை பற்றிக் கேட்கவில்லை என்றால் நடத்தை பற்றிய வரியே இல்லாமல், படித்த காலத்தையும் முடித்ததையும் மட்டும் சொல்லும் சான்று போதுமா என்று மாணவரிடம் கேட்பேன். எதுவானாலும் வரைவை அவரிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். ஒட்டிய உறையில் தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒருவரை அலைய விடக் கூடாது.

அந்த ஊழியர் சண்டை போட்டுட்டு வேலையை விட்டுப் போனார். அதை எழுதாம எப்படிக் குடுக்கிறது?

சண்டைக்கு மெமோ கொடுத்தீர்களா, விளக்கம் கேட்டீர்களா, உத்தரவு போட்டீர்களா? எதுவும் இல்லையென்றால் அது மேலாளரின் மனக்கசப்பு மட்டும்தான். அதைச் சான்றிதழில் எழுத இடமில்லை. பணிக்காலம், கடைசியாக வகித்த பதவி, "அவரது நடத்தை நன்றாக இருந்தது". எழுத மனம் வரவில்லை என்றால் நடத்தை வரி இல்லாத பணிச் சான்றிதழ் கொடுங்கள். ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் அந்த வரியோடு கொடுக்கும் வழக்கம் இருந்தால், இவருக்கு மட்டும் விடுவதும் ஒரு செய்திதான்.

விசாரணை தொடங்கி, முடியும் முன் அவர் ராஜினாமா செய்திருந்தால் விஷயம் வேறு. குற்றம் நிரூபிக்கப்பட்ட மாதிரியும் எழுத முடியாது, ஒன்றுமே நடக்காத மாதிரியும் எழுத முடியாது. "பணியிலிருந்து விலகியபோது ஒழுங்கு விசாரணை ஒன்று முடிவுறாமல் இருந்தது. அதில் முடிவு எதுவும் எட்டப்படவில்லை" என்பதே நியாயம். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

"இவர் மேல எந்தக் குற்ற வழக்கும் இல்லை"னு ஒரு வரி சேர்த்துத் தாங்க, அங்க கேக்கறாங்க.

அதைக் காவல்துறைதான் சொல்ல முடியும். ஒரு கல்லூரிக்கோ கம்பெனிக்கோ அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. "இங்கு இருந்த காலத்தில் இவர் மீது குற்ற வழக்கு எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை" என்ற அளவுக்கு எழுதலாம். அதற்கு மேல் கேட்டால், காவல்துறை தரும் சரிபார்ப்புச் சான்றை வாங்கச் சொல்லிவிடுங்கள்.

ஆறு மாசத்துக்குள்ள வாங்கினதா வேணுமாம். நான் முடிச்சு நாலு வருஷம் ஆச்சே?

புதிய தேதியில் வாங்கிக்கொள்ளலாம். தேதி மட்டும்தான் புதிது, சான்று சொல்லும் காலம் பழையதுதான். "அக்காலத்தில்" என்ற சொல் ஏன் வேண்டும் என்பது இங்கே இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய சான்றிதழின் தேதியை மாற்றி அச்சிட்டுத் தருவது கூடாது. புது அனுப்புகை எண்ணோடு புதிதாகவே வர வேண்டும். கடந்த நாலு வருடத்துக்கான நடத்தை வேண்டும் என்றால் இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில்தான் கேட்க வேண்டும்.

நானே அழகா டைப் பண்ணிக் கொண்டுவரேன், சார் கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். சரியா?

வரைவாகக் கொண்டுவருவது சரி, வேலை எளிதாகும். ஆனால் கடைசி வடிவம் நிறுவனத்தின் லெட்டர்பேடில் அலுவலகத்தில்தான் அச்சாக வேண்டும். வரும் வரைவுகளில் "மிகச் சிறந்த", "தன்னிகரற்ற", "எல்லோராலும் நேசிக்கப்பட்ட" என்றெல்லாம் இருக்கும். அவற்றை எடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட சொற்களுக்குப் பதிவேட்டில் ஆதாரம் இல்லை, படிப்பவரும் எழுதியது யார் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பாராட்டு உண்மையென்றால் ஒரு பேராசிரியர் பரிந்துரைக் கடிதத்தில் எழுதட்டும்.

தப்பா எழுதிட்டா யாராவது கேஸ் போடுவாங்களா? அந்தப் பயத்துலயே எங்க அதிகாரி எதுவும் எழுத மாட்டேங்குறார்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 1994-இல் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: முன்னாள் ஊழியரைப் பற்றிச் சான்று எழுதும் முதலாளிக்கு, அதைக் கவனத்தோடு எழுத வேண்டிய கடமை அந்த ஊழியரிடம் உண்டு. அலட்சியமாக எழுதி அவருக்கு வேலை கிடைக்காமல் போனால் இழப்பீடு கேட்கலாம்.

இதைப் படித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் இருப்பது பாதுகாப்பு என்று உங்கள் அதிகாரி நினைக்கிறார். கவனம் என்பது கோப்பைப் பார்த்து எழுதுவது. பார்த்த கோப்பின் எண்ணை அலுவலக நகலின் ஓரத்தில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால் கையெழுத்துப் போடுவதில் அவருக்கு இவ்வளவு தயக்கம் இருக்காது.

அவங்க போன் பண்ணி "உண்மையிலேயே எப்படிப்பட்ட ஆள்?"னு கேட்டா என்ன சொல்றது?

நகலை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். எண், தேதி, கையெழுத்து நம்முடையதுதான் என்று உறுதி செய்யலாம், எழுதியிருப்பதைப் படித்துக் காட்டலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எழுத்தில் "நன்று" என்று கொடுத்துவிட்டு, போனில் குரலைத் தாழ்த்தி "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்வது அந்த மனிதருக்குச் செய்யும் துரோகம். அவரால் அதைப் பார்க்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. வேறு ஏதாவது தெரிய வேண்டுமென்றால், கேள்வியை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், பதிலும் எழுத்திலேயே போகும்.